நேற்று நம்முடைய வழக்கறிஞர், இன்று எதிரியின் வழக்கறிஞர்: இரகசியம் காக்கும் கடமையும் நல முரணும்

வன்கொடுமை வழக்குகளைப் பின்தொடரும் தோழர்கள் பலரும் ஏதேனும் ஒரு தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பாதிக்கப்பட்ட பெண் பிணை மனு விசாரணைக்காக வந்து நிற்கிறார். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பக்கத்தில் கறுப்பு அங்கியோடு நிற்பவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறுகிறது. "இவர்கிட்டதானே போன வருஷம் எல்லாத்தையும் சொன்னேன்" என்கிறார். உடன் வந்தவர்கள் அதைத் துரோகம் என்கிறார்கள். வழக்கறிஞரோ, "அது வேறு விஷயம், இது வேறு வழக்கு. அப்போது அவர் எனக்கு வக்காலத்தே கொடுக்கவில்லை" என்கிறார்.

துரோகம் என்ற சொல்லோடு நாம் நின்றுவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பயனொன்றும் இல்லை. அவர் செய்தது சட்டப்படி தவறா, தவறென்றால் எந்த விதியின்படி, அதை எங்கே எப்படிச் சொல்வது என்பனவே அவருக்கு வேண்டியவை. வழக்கறிஞர் தொழிலறத்தின் இரண்டு கடமைகளை இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டு, ஒரு கற்பனை வழக்கின் வழியாக அவற்றைப் பொருத்திப் பார்க்கிறோம். முதலாவது, கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமல் காப்பது. இரண்டாவது, ஒன்றோடொன்று மோதும் இரு நலன்களுக்கு ஒரே நேரத்திலோ அடுத்தடுத்தோ ஊழியம் செய்யாதிருப்பது. இரண்டாவதை நல முரண் என்கிறோம்.

இரகசியம் யாருடையது?

இந்தியச் சாட்சியச் சட்டம், 1872-இன் 126-ஆம் பிரிவு வழக்கறிஞரின் வாயைக் கட்டிவைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் 132-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. சாரம் மாறவில்லை. தொழில் முறையில் தம்மிடம் கட்சிக்காரரோ அவர் சார்பில் வேறொருவரோ சொன்னதையும், தாம் பார்த்த ஆவணத்தின் உள்ளடக்கத்தையும், தாம் கொடுத்த ஆலோசனையையும் கட்சிக்காரரின் வெளிப்படையான ஒப்புதலின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது. தொழில் உறவு முடிந்த பிறகும் இக்கடமை முடிவதில்லை. வழக்கறிஞரின் குமாஸ்தாவையும் ஊழியரையும் மொழிபெயர்ப்பாளரையும் இது கட்டுப்படுத்தும்.

ஒப்புதல் தரும் உரிமை கட்சிக்காரருக்கு மட்டுமே உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் தம் விருப்பப்படி இரகசியத்தைத் திறக்க முடியாது. அவரிடம் அழைத்துச் சென்ற இயக்கத் தோழரும் திறக்க முடியாது. வழக்கு நடத்தப் பணம் கொடுத்த உறவினருக்கும் அந்த உரிமை இல்லை.

இந்தப் பாதுகாப்புக்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. சட்டவிரோத நோக்கம் ஒன்றை நிறைவேற்றுவதற்காகச் சொல்லப்பட்டது பாதுகாக்கப்படாது. வழக்கறிஞர் பணியேற்ற பிறகு ஒரு குற்றமோ மோசடியோ நடந்திருப்பதைக் காட்டும் செய்தியை அவர் தம் பணியினூடே கண்டறிந்தால், அதுவும் பாதுகாக்கப்படாது. இவ்வேறுபாட்டை விளக்கச் சட்டமே எடுத்துக்காட்டுகள் தருகிறது. "நான் போலி ஆவணம் தயாரித்துவிட்டேன், என்னைக் காப்பாற்றுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அது இரகசியம். குற்றம் செய்தவருக்காக வாதாடுவது குற்றமாகாது. "இந்தப் போலி ஆவணத்தைக் கொண்டு நிலத்தைப் பறிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்" என்று சொன்னால் அது இரகசியமாகாது. நடந்து முடிந்த குற்றத்தை ஒப்புக்கொள்வதும் நடக்கப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்பதும் வேறு வேறு.

காவல்துறை வழக்கறிஞரையே அழைத்து விசாரிக்க முற்பட்டால் என்னவாகும் என்ற கேள்வி அண்மையில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் 2025 அக்டோபர் 31 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சிக்காரரின் வழக்கு விவரத்தை அறிவதற்காக வழக்கறிஞருக்குச் சம்மன் அனுப்பலாகாது. மேற்சொன்ன விதிவிலக்குகளுள் ஒன்று பொருந்தினால் மட்டுமே அனுப்பலாம். அப்போதும் எந்த விவரத்தின் அடிப்படையில் விதிவிலக்குப் பொருந்துகிறது என்பதைச் சம்மனில் குறிப்பிட வேண்டும். காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும்.

வேலிக்கு வெளியே ஒரு வேலி

இரகசியக் கடமை செய்தியைக் காக்கிறது. நல முரண் விதிகள் அந்தச் செய்தி கசியக்கூடிய இடத்தில் வழக்கறிஞர் போய் நிற்காதபடி தடுக்கின்றன. அவை இந்தியப் பார் கவுன்சில் விதிகளின் ஆறாம் பகுதி, இரண்டாம் அத்தியாயத்தில் உள்ளன. நமக்குத் தேவையானவை சிலவே.

14-ஆம் விதியின்படி, எதிர்த்தரப்போடு தமக்குள்ள தொடர்பையும் வழக்கில் தமக்குள்ள அக்கறையையும் வழக்கறிஞர் தொடக்கத்திலேயே கட்சிக்காரரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். 24-ஆம் விதியின்படி, கட்சிக்காரர் தம்மீது வைத்த நம்பிக்கையை அவர் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாகாது. 33-ஆம் விதி நம்முடைய கேள்விக்கு நேரடியாக வருகிறது. வழக்கோ மேல்முறையீடோ வேறு விவகாரமோ தொடர்வது குறித்து எப்போதாவது ஆலோசனை சொன்னவரும், மனு வரைந்து கொடுத்தவரும், ஒரு தரப்புக்காகச் செயல்பட்டவரும் எதிர்த்தரப்புக்காகச் செயல்படவோ வாதாடவோ கூடாது.

வக்காலத்து என்ற சொல் அவ்விதியில் இல்லை. ஆலோசனை சொன்னாலே போதும். கட்டணம் எவ்வளவு என்பதும் அதில் இல்லை.

1983-இல் சந்திரசேகர் சோனி எதிர் ராஜஸ்தான் பார் கவுன்சில் என்ற வழக்கில், ஒரு தரப்பால் அமர்த்தப்பட்டிருக்கும்போதே மறுதரப்பின் வழக்கை ஏற்பது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எல்லா விவரங்களையும் எடுத்துச் சொல்லி, சம்பந்தப்பட்ட அனைவரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டாலொழிய மோதும் நலன்களுக்காக வாதாடலாகாது என்றும் கூறியது. 33-ஆம் விதியின் சொற்களிலோ ஒப்புதல் பற்றிய இந்த விலக்கு இல்லை. ஆகவே "அவர் அன்றைக்குத் தலையாட்டினார்" என்று வழக்கறிஞர் சொல்வது போதாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வன்கொடுமை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக ஒருவர் வாதாடுவது தன்னளவில் தொழில் தவறன்று. குறிப்பிட்ட குற்றவாளிக்கு வாதாட மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010 டிசம்பரில் ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கோயம்புத்தூரில் எழுந்த வழக்கு அது. எல்லோருக்கும் வழக்கறிஞர் உண்டு என்ற அதே கோட்பாடே நம் மக்களையும் பல சமயங்களில் காத்திருக்கிறது. நம்முடைய எதிர்ப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருப்பதற்கன்று, இந்த ஒருவர் அவராக இருப்பதற்கே.

ஒரு பயிற்சி வழக்கு

இனி ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டும் என்பதற்காக அந்தப் பெண்ணை மாரியம்மாள் என்போம்.

மாரியம்மாளுக்குக் கணவர் வழியில் வந்த அரை ஏக்கர் பஞ்சமி நிலம் இருக்கிறது. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த பக்கத்து நிலக்காரர் வரப்பைத் தள்ளித் தள்ளிப் பன்னிரண்டு சென்ட் அளவுக்கு உழுது வருகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரியம்மாள் தாலுகா தலைநகரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார். மறைந்த தம் கணவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்து நிலக்காரரிடம் நாற்பதாயிரம் ரூபாய் வாங்கியதையும், தம் அண்ணன் மகன் கண்ணன் முன்கோபி, ஒருநாள் கைகலப்பாகிவிடுமோ என்று தாம் அஞ்சுவதையும் அவரிடம் சொன்னார். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட நிலமாகையால் அந்தத் தாள் நிலக்காரருக்கு உரிமை தராது என்று வழக்கறிஞர் விளக்கினார். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு வரைந்து தந்து ஆயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டார். வக்காலத்து எதிலும் மாரியம்மாள் கையெழுத்திடவில்லை.

கடந்த மாதம் அந்தப் பன்னிரண்டு சென்டில் மாரியம்மாள் விதைக்கப் போனபோது தகராறு நடந்தது. ஊரார் முன்னிலையில் நிலக்காரர் சாதிப் பெயர் சொல்லி ஏசினார், மாரியம்மாளின் கை முறிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமித்தல், அனுபவிக்கவிடாமல் தடுத்தல், சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தல் ஆகியவற்றுக்கான பிரிவுகளோடு முதல் தகவல் அறிக்கை பதிவானது. நிலக்காரர் கைதாகி, சிறப்பு நீதிமன்றத்தில் பிணை கேட்கிறார். அச்சட்டத்தின் 15ஏ பிரிவின்படி மாரியம்மாளுக்கு அறிவிப்பு வருகிறது. பிணை குறித்துத் தம் கருத்தைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நீதிமன்றத்துக்கு வந்து பார்த்தால், நிலக்காரருக்காக நிற்பவர் அதே வழக்கறிஞர்.

முதல் கேள்வி: அவர் மாரியம்மாளின் வழக்கறிஞராக இருந்தாரா?

இருந்தார். ஆலோசனை சொல்லியிருக்கிறார், மனு வரைந்திருக்கிறார். 33-ஆம் விதிக்கு அவ்வளவே போதும். வக்காலத்து என்பது நீதிமன்றத்தில் அவருக்காக முன்னிலையாவதற்கான அதிகாரப் பத்திரம். இரகசியம் காக்கும் கடமை அதற்கு முன்பே, ஆலோசனை நாடி உட்கார்ந்த நாற்காலியிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி: அதுவும் இதுவும் ஒரே விவகாரமா?

வழக்கறிஞர் இங்கேதான் வாதாடுவார். அன்று வருவாய்த்துறை மனு, இன்று குற்ற வழக்கு என்பார். வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தையும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. அன்று அறிந்தது இன்று பயன்படுமா என்று பார்க்க வேண்டும். நில ஆக்கிரமிப்பே இப்போதைய குற்றச்சாட்டின் ஒரு கூறு. அந்தப் பன்னிரண்டு சென்ட் யாருடைய அனுபவத்தில் இருந்தது என்பதே விசாரணையின் நடுப்பொருள். ஆகவே இரண்டும் ஒரே விவகாரத்தின் இரு கட்டங்கள் என்பதே வலுவான நிலைப்பாடு. மாறாக, அதே நிலக்காரர் ஒரு சாலை விபத்து வழக்கில் சிக்கி, அதில் மாரியம்மாளுக்குத் தொடர்பே இல்லை என்றால், அவ்வழக்கறிஞர் அவருக்காக முன்னிலையாவதை 33-ஆம் விதியைக் கொண்டு தடுப்பது கடினம். அப்போதும் மாரியம்மாள் சொன்ன இரகசியம் இரகசியமாகவே இருக்கும்.

மூன்றாவது கேள்வி: இரகசியத்தைச் சொல்லவில்லையே, பிறகென்ன தவறு?

பிணை வாதத்தில் அவர் இப்படிச் சொல்கிறார் என்று கொள்வோம்: "இது கொடுக்கல் வாங்கல் தகராறு. புகார்தாரரின் கணவர் பணம் வாங்கியிருக்கிறார். சாதிச் சண்டையாகத் திரித்துவிட்டார்கள்." மாரியம்மாள் அதிர்ந்துபோகிறார். ஆனால் வெள்ளைத்தாளின் ஒரு பிரதி நிலக்காரரிடமும் இருக்கும். அச்செய்தி தம் இன்றைய கட்சிக்காரர் வழியாகவே கிடைத்தது என்று வழக்கறிஞர் சொன்னால், இல்லை என்று எப்படி நிறுவுவது? வேறு வழியில் கிடைத்த செய்தியை 132-ஆம் பிரிவு தடுப்பதில்லை.

கண்ணனின் முன்கோபம் குறித்து மாரியம்மாள் சொன்னது இன்னும் நுட்பமானது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை. குறுக்கு விசாரணையில் கண்ணனை எந்த இடத்தில் சீண்டினால் வெடிப்பார் என்பது அவருக்குத் தெரியும். கேள்விகளின் வரிசையிலேயே அந்த அறிவு வேலை செய்யும். எந்த இரகசியமும் வெளியிடப்பட்டதாக எவரும் காட்ட முடியாது.

நல முரண் விதி தேவைப்படுவது இதனால்தான். இரகசியம் மீறப்பட்டதா என்று ஆராயப் புகுந்தால், அந்த இரகசியம் என்ன என்பதை மாரியம்மாளே நீதிமன்றத்தில் விரித்துச் சொல்ல வேண்டிவரும். காப்பதற்காக எழுந்த விதி அவரைக் கொண்டே அதை உடைக்கச் செய்யும். 33-ஆம் விதியின் கீழ் அந்தக் கட்டாயம் இல்லை. ஆலோசனை நடந்தது, அது இந்த விவகாரத்தோடு தொடர்புடையது, அவர் இன்று எதிர்த்தரப்பில் நிற்கிறார் என்ற மூன்றைக் காட்டினால் போதும்.

ஆட்சேபணையை எழுதும் முறை

ஆகவே மாரியம்மாளின் ஆட்சேபணையில் அன்று என்ன பேசப்பட்டது என்பது ஒரு வரிகூட இடம்பெறலாகாது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். கோபத்தில், "என் கணவர் பணம் வாங்கியதை இவரிடம் நம்பிச் சொன்னேன்" என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்புக்கு அதைவிடச் சிறந்த பரிசு கிடையாது. குறிப்பாணை ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"எதிரி தரப்பில் முன்னிலையாகும் வழக்கறிஞரிடம், இவ்வழக்கில் கண்ட அதே நிலம் தொடர்பாக நான் இன்ன தேதியில் சட்ட ஆலோசனை பெற்றேன். அவர் எனக்காக மாவட்ட ஆட்சியருக்கு மனு வரைந்து தந்தார், அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது. அவரிடம் தொழில் முறையில் கூறியவற்றை வெளியிட நான் ஒப்புதல் தரவில்லை. பார் கவுன்சில் விதி 33-இன்படி அவர் இவ்விவகாரத்தில் எதிர்த்தரப்புக்காக முன்னிலையாவதை ஆட்சேபிக்கிறேன்."

இத்துடன் இணைக்க வேண்டியவை: மனுவின் நகல், ஆட்சியர் அலுவலகத்தில் அது பெறப்பட்டதற்கான ஒப்புகை, பணம் அனுப்பியதற்கான பதிவு ஏதேனும் இருந்தால் அது. முதலில் வழக்கறிஞருக்கே கடிதம் எழுதி விலகக் கேட்பது நல்லது. பலர் அந்தக் கட்டத்திலேயே விலகிவிடுவார்கள். விலகாவிட்டால் அக்கடிதமே பின்னால் சான்றாகும்.

ஆட்சேபணையை நம்பிப் பிணை மனுவை எதிர்ப்பதைக் கைவிடலாகாது. நீதிபதி ஆட்சேபணையை எப்படிக் கையாள்வார் என்பது அவரவரைப் பொறுத்தது. ஆட்சேபணையும் பிணைக்கான எதிர்ப்பும் ஒரே நாளில் தயாராக இருக்க வேண்டும்.

பார் கவுன்சிலில் புகார் செய்வது தனி வழி. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-ஆம் பிரிவின் கீழ்த் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் அளிக்கலாம். முகாந்திரம் இருப்பதாக அது கருதினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். கண்டித்தல், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை விதித்தல், பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குதல் ஆகியவை அக்குழு அளிக்கக்கூடிய தண்டனைகள். ஓராண்டுக்குள் முடிக்கப்படாத புகார் இந்தியப் பார் கவுன்சிலுக்கு மாறும் என்று 36பி பிரிவு சொல்கிறது. இந்தப் புகாரால் நடப்பு வழக்கின் போக்கு மாறாது. அதைப் பிணை விசாரணையில் பயன்படும் கருவியாக நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இரண்டாம் கட்டம்: ஒரே பக்கத்தில் இரண்டு நலன்கள்

நல முரண் எதிரெதிர்த் தரப்புகளுக்கிடையில்தான் எழும் என்றில்லை. வன்கொடுமைப் புகார் கொடுத்த கையோடு பாதிக்கப்பட்டவர்கள்மீதே எதிர் வழக்குப் பதிவாவது நமக்குப் பழகிப்போன ஒன்று. மாரியம்மாளும் கண்ணனும் சேர்ந்து தம்மைக் கம்பால் தாக்கியதாக நிலக்காரரும் புகார் கொடுத்திருக்கிறார். இருவருக்கும் ஒரு புதிய வழக்கறிஞரை இயக்கத் தோழர் ஒருவர் அறிமுகம் செய்கிறார். நல்லவர், கட்டணம் வாங்காதவர். மாரியம்மாளுக்கு வன்கொடுமை வழக்கில் உதவவும், இருவருக்கும் எதிர் வழக்கில் வாதாடவும் ஒப்புக்கொள்கிறார்.

மாரியம்மாள் காவல்துறையில் சொன்னது இது: நிலக்காரர் ஏசி, தம்மை அடித்த பிறகே கண்ணன் தடுக்க வந்தார். வழக்கறிஞரின் அறையில் மாரியம்மாள் வெளியே சென்றிருந்த ஐந்து நிமிடத்தில் கண்ணன் சொல்கிறார்: "அத்தைக்குத் தெரியாது சார். அவங்க வர்றதுக்கு முன்னாடியே நான் ஒரு அடி போட்டுட்டேன்."

வழக்கறிஞர் இப்போது என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது?

இதைக் காவல்துறையிடமோ நீதிமன்றத்திடமோ சொல்ல முடியாது. நடந்து முடிந்ததைத் தம் தற்காப்புக்காகச் சொன்ன கட்சிக்காரர் கண்ணன். விதிவிலக்கு எதுவும் பொருந்தாது. மாரியம்மாளிடமும் சொல்ல முடியாது, கண்ணனின் ஒப்புதல் வேண்டும். ஆனால் மாரியம்மாளும் அவருடைய கட்சிக்காரரே. தம் வழக்கைப் பாதிக்கும் செய்தி ஒன்று வழக்கறிஞருக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்றால், மாரியம்மாளுக்குத் தர வேண்டிய முழு ஊழியத்தில் அவர் குறைவைக்கிறார்.

எதிர் வழக்கில் கண்ணனுக்கு ஏற்ற வாதம், அத்தையைக் காப்பாற்றவே கைநீட்டினேன் என்ற தற்காப்பு வாதம். மாரியம்மாளுக்கு ஏற்ற வாதமோ, தகராறில் தமக்குப் பங்கே இல்லை, கண்ணன் தனியாகச் செய்தது என்பதாக இருக்கலாம். ஒருவரைக் காப்பாற்றும் சொல் மற்றவரைச் சிக்கவைக்கும். ஒரே வழக்கறிஞர் இரண்டையும் சொல்ல முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவரைக் கைவிட்டவராகிறார்.

இவர் நல்ல எண்ணம் கொண்டவர். ஆனால் நல முரண் என்பது எண்ணத்தின் குறைபாடு அன்று, இருக்குமிடத்தின் குறைபாடு. செய்யத்தக்கது ஒன்றே, விலகுதல். கண்ணனை விட்டுவிட்டு மாரியம்மாளை மட்டும் வைத்துக்கொண்டால், கண்ணனின் இரகசியத்தைச் சுமந்துகொண்டே அவருக்கு எதிராகத் திரும்பக்கூடிய வாதத்தைக் கட்ட வேண்டிவரும். ஆகவே இருவரிடமிருந்தும் விலகுவதே பாதுகாப்பானது. 12-ஆம் விதி போதிய காரணமும் உரிய முன்னறிவிப்பும் கேட்கிறது. விலகும்போது, "உங்கள் இருவருக்கும் ஒரே வழக்கறிஞராகத் தொடர எனக்குத் தொழில் விதி இடம் தரவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். அதிலிருந்து மாரியம்மாள் எதையாவது ஊகிக்கக்கூடும். ஆனால் ஊகத்தை உறுதிப்படுத்தும் சொல் வழக்கறிஞரிடமிருந்து வரலாகாது.

தொடக்கத்திலேயே இதைத் தவிர்த்திருக்கலாம். இருவரையும் தனித்தனியாகச் சந்திப்பதற்கு முன்பே, சேர்த்து உட்காரவைத்து, "ஒருவர் சொல்வதை மற்றவரிடம் நான் மறைக்க மாட்டேன், உங்கள் நலன்கள் பிரிந்தால் இருவரையும் விட்டு விலகுவேன், இதற்குச் சம்மதமா?" என்று கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது, முதல் நாளிலேயே கண்ணனுக்குத் தனி வழக்கறிஞர். இதற்குப் பணம் ஒரு தடையாக வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அனைவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவராக இருந்தாலும் அவ்வுரிமை உண்டு.

இன்னும் ஒரு திருப்பத்தைச் சேர்ப்போம். கண்ணன், "அன்னைக்கு நான் ஊர்லயே இல்லேன்னு சொல்ல ஒரு ஆள் ஏற்பாடு பண்றேன், அவனுக்கு என்ன சொல்லணும்னு நீங்க சொல்லிக்கொடுங்க" என்று கேட்டால்? அது பொய்ச் சாட்சிக்கு உதவி கேட்பது, 132-ஆம் பிரிவின் பாதுகாப்பு அதற்கு இல்லை. வழக்கறிஞர் உடனே மறுக்க வேண்டும், அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றலாகாது. பாதுகாப்பு இல்லை என்பதற்கு, ஓடிப்போய்க் காவல்துறையில் சொல்ல வேண்டும் என்று பொருளில்லை. கேட்கப்பட்டால் அப்பிரிவைக் காட்டி மௌனம் காக்க முடியாது என்பதே பொருள்.

அறையில் இருந்த தோழர்

இக்கதையில் நாம் இதுவரை பேசாத ஒருவர் இருக்கிறார். அவர் நாம்தான். மாரியம்மாளை அழைத்துச் சென்ற தோழர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால், கண்ணன் சொன்னதை அவரும் கேட்டிருப்பார். அவர் வழக்கறிஞர் அல்லர், குமாஸ்தாவும் அல்லர். அவரைச் சாட்சியாக அழைத்துக் கேட்டால் 132-ஆம் பிரிவு அவருக்குக் கேடயமாகாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(12) பிரிவு, தொண்டு நிறுவனங்களிடமும் சமூகப் பணியாளர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் உதவி பெறப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தருகிறது. உதவும் உரிமை வேறு, இரகசியப் பாதுகாப்பு வேறு. கட்சிக்காரர் சார்பில் தோழர் வழக்கறிஞரிடம் கொண்டுசென்று சேர்க்கும் செய்திக்குப் பாதுகாப்பு உண்டு. தோழரிடமே பேசிய பேச்சுக்கு இல்லை. உண்மையறியும் குழுவிடம் சொன்னதற்கும், வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த குரல் பதிவுக்கும் இல்லை. ஆகவே அறிமுகம் செய்து, ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டு, சம்பவத்தைப் பற்றிய பேச்சு தொடங்கும்போது வெளியே வந்துவிடுவதே தோழர் செய்யத்தக்கது. வழக்கறிஞர் நமக்குத் தெரிந்தவர் என்பதால், "கண்ணன் என்ன சொன்னான்?" என்று பிறகு அவரிடம் கேட்பதும் தவறு. 19-ஆம் விதியின்படி அவர் தம் கட்சிக்காரரின் சொல்லுக்கோ, அவரால் அதிகாரம் பெற்ற முகவரின் சொல்லுக்கோ மட்டுமே கட்டுப்பட்டவர். வழக்கைக் கொண்டுவந்த அமைப்பின் சொல்லுக்கு அன்று.

அரசுத் தரப்பில் நிற்பவரைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். சிறப்பு அரசு வழக்கறிஞர் மாரியம்மாளின் நியாயத்துக்காக வாதாடலாம். ஆனால் அவர் நடத்துவது அரசின் வழக்கு, மாரியம்மாள் அவருடைய கட்சிக்காரர் அல்லர். வெள்ளைத்தாள் போன்ற சிக்கலான செய்தியை அவரிடம் கொட்டுவதற்கு முன், தம் சொந்த வழக்கறிஞரிடம் பேசிவிடுவது மாரியம்மாளுக்கு நல்லது.

தாலுகா ஊர்களில் வழக்கறிஞர்கள் சிலரே. இன்று நமக்காக நிற்பவரை நாளை எதிர்த்தரப்பு நாடுவது அங்கே இயல்பு. ஆகவே ஆலோசனைக்குச் செல்லும்போது இரண்டைச் செய்துவிட வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன்பே, "எதிர்த்தரப்புக்காரர் இன்னார், அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ நீங்கள் வழக்கு நடத்தியதுண்டா?" என்று கேட்க வேண்டும். அறையைவிட்டு வெளியே வந்ததும், வந்த தேதி, நிலத்தின் சர்வே எண், கொடுத்த தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "இன்று உங்களிடம் ஆலோசனை பெற்றேன், நன்றி" என்று அவருடைய தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பேசியது என்ன என்பது அதில் இருக்கக் கூடாது. மாரியம்மாள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஒரு செய்தியை அனுப்பியிருந்தால், "இவர் என்னிடம் வரவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.